அந்தி விளக்கின் தடுமாற்றம்

இருட்டினால் தானாக எரியும் வாசல் விளக்கு பல வீடுகளில் உண்டு. சிலவற்றில் அந்தி வேளையில் ஒரு வேடிக்கை பார்க்கலாம். விளக்கு ஒரேயடியாக எரியாமல் நாலைந்து நிமிடம் படபடக்கும். உள்ளே ரிலே டிக் டிக்கென்று அடித்துக்கொள்ளும்.

வெளிச்சத்தை உணரும் எல்.டி.ஆரை 5 வோல்ட்டுக்கும் ஒரு ரெசிஸ்டருக்கும் நடுவே வைத்தால், இருட்ட இருட்ட அவை சேரும் புள்ளியில் வோல்ட் இறங்கும். 2.5க்குக் கீழே போனால் விளக்கை எரியவிடு என்று ஆப்-ஆம்ப்பிடம் சொல்லியிருக்கிறோம். ஆனால் அந்த வோல்ட் நேராக இறங்குவதில்லை. இலை அசைவு, தெருவிளக்கின் துடிப்பு, ஒயரில் ஏறும் இரைச்சல் எல்லாம் சேர்ந்து 0.2 வோல்ட் அகலத்துக்கு நடுங்கிக்கொண்டே இறங்குகிறது. ஒவ்வொரு நடுக்கமும் 2.5ஐத் தாண்டித் திரும்புகிறது.

ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடு போடுவதுதான் மருந்து. 2.3க்குக் கீழே இறங்கினால் எரியட்டும், 2.7க்கு மேலே ஏறினால்தான் அணையட்டும். இடைவெளி 0.4, நடுக்கத்தைப் போல் இரு மடங்கு. இந்த உத்திக்குப் பெயர் ஹிஸ்டரிசிஸ். கணவாய் மீனின் நரம்பை ஆராய்ந்துகொண்டிருந்த ஓட்டோ ஷ்மிட் 1938இல் வெளியிட்ட வால்வு சுற்றிலிருந்து வந்தது இது.

எல்.டி.ஆரின் புள்ளியை ஆப்-ஆம்ப்பின் மைனஸ் காலில் கொடுங்கள். பிளஸ் காலிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு 10 கிலோ ஓம், தரைக்கு ஒரு 10 கிலோ ஓம், அது 2.5இல் நிற்கும். இனி வெளியீட்டிலிருந்து அதே பிளஸ் காலுக்கு ஒரு 56 கிலோ ஓம். வெளியீடு 5இல் இருந்தால் அது பிளஸ் காலை மேலே இழுக்கும், பூஜ்யத்தில் இருந்தால் கீழே. எவ்வளவு? இரண்டு 10 கிலோவும் சேர்ந்து 5 கிலோ போல நடந்துகொள்ளும். ஆகவே 2.5 வோல்ட் வித்தியாசத்தில் 61க்கு 5 பங்கு, அதாவது சுமார் 0.2. கேட்ட 2.3, 2.7 கிடைத்துவிட்டன.

கடையில் மலிவாகக் கிடைக்கும் எல்.எம்.358ஐப் போட்டால் கணக்கு பிசகும். 5 வோல்ட் கொடுத்தாலும் அதன் வெளியீடு சுமார் 3.5க்கு மேல் ஏறாது. அதனால் மேல்கோடு 2.58க்கு இறங்கிவிடும். மிச்சமுள்ள இடைவெளி 0.3தான். மல்ட்டிமீட்டரைப் பிளஸ் காலில் வைத்தால் தெரிந்துவிடும்: விளக்கு எரியும்போது 2.7 காட்ட வேண்டும். காட்டாவிட்டால், முழு 5 வரை ஏறும் எம்.சி.பி.6002 மாதிரி ஒன்றுக்கு மாறுங்கள். மீட்டர் 2.3, 2.7 இரண்டையும் காட்டாமல் 2.5 அருகிலேயே நின்றால், 56 கிலோவைத் தவறி மைனஸ் காலில் சேர்த்திருக்கிறீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ராத்திரி முழுக்க விளக்கு மின்னி மின்னி அணைந்தால் ரெசிஸ்டரைத் தொடாதீர்கள். விளக்கின் வெளிச்சமே எல்.டி.ஆரில் விழுந்து 2.7ஐத் தாண்டவைக்கிறது. எல்.டி.ஆரை ஒரு சிறு குழாய்க்குள் வைத்து வானத்தைப் பார்க்கத் திருப்பிவிடுங்கள்.