இணைப்புச் சார்பு: மூன்று பகுப்பாய்வுகளுக்கு ஒரே சட்டகம்

திருவனந்தபுரத்தின் கரமனைப் பகுதியில் ஓர் ஆய்வு நடைபெறுவதாகக் கொள்வோம். ஆய்வாளர் குறிக்க வேண்டிய விவரங்கள் மூன்று: குடும்பத்தின் மாதச் செலவு, குடும்பத் தலைவர் எழுத்தறிவு பெற்றவரா, இல்லையா என்பது, சாலைச் சந்தியில் ஒரு மாதத்தில் நேர்ந்த விபத்துகளின் எண்ணிக்கை. முதலாவது, எந்த அளவையும் ஏற்கக்கூடிய தொகை. இரண்டாவதற்கு ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள் உண்டு. மூன்றாவது, 0, 1, 2 என்று வரும் முழு எண். இம்மூன்றுக்கும் தனித்தனிப் பகுப்பாய்வு முறைகள் தோன்றி வளர்ந்தன. அவற்றை ஒரே சட்டகத்துள் அடக்கியவர்கள் ஜான் நெல்டர், ராபர்ட் வெடர்பர்ன் என்னும் இரு புள்ளியியலாளர்கள். அவர்களது கட்டுரை 1972ஆம் ஆண்டு வெளிவந்தது.

அச்சட்டகத்திற்கு மூன்று உறுப்புகள் உண்டு. முதலாவது, விளைவு எவ்வகைப் பரவலைப் பின்பற்றுகிறது என்பது. செலவுக்கு இயல்நிலைப் பரவலும், ஆம்–இல்லை விடைக்கு ஈருறுப்புப் பரவலும், எண்ணிக்கைக்குப் பாய்சான் பரவலும் பொருந்தும். இரண்டாவது, காரணிகளைக் கூட்டி அமைக்கும் நேர்கோட்டுக் கோவை: a + bx. மூன்றாவதே இணைப்புச் சார்பு. விளைவின் சராசரியை (μ) அது நேர்கோட்டுக் கோவையோடு பிணைக்கிறது. செலவுக்கு μ = a + bx எனச் சராசரியே போதும். எழுத்தறிவுக்கு log(μ/(1−μ)) = a + bx; இது லாஜிட் எனப்படும். விபத்துக்கு log(μ) = a + bx.

இணைப்பு ஏன் தேவைப்படுகிறது என்பதைக் கேரளத்தின் எழுத்தறிவுப் புள்ளிகளே காட்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு எழுத்தறிவு 1981இல் 78.85 விழுக்காடு, 1991இல் 89.81 விழுக்காடு. பத்தாண்டில் உயர்வு 10.96. இதே நேர்கோட்டை நீட்டினால் 2001இல் 100.77 விழுக்காடு என்று வரும். நூற்றுக்கு மேற்பட்டோர் எழுத்தறிவு பெற்றிருக்க இயலாது.

லாஜிட் வழியில் விழுக்காட்டுக்குப் பதிலாக, எழுத்தறிந்தோருக்கும் அறியாதோருக்கும் உள்ள விகிதத்தை எடுக்கிறோம். 1981இல் அது 78.85ஐ 21.15ஆல் வகுக்க 3.73. 1991இல் 89.81ஐ 10.19ஆல் வகுக்க 8.81. அதாவது பத்தாண்டில் ஏறத்தாழ 2.36 மடங்கு. மீண்டும் அதே மடங்கில் பெருக்கினால் 2001இல் 20.8, இதனை விழுக்காடாக மாற்றினால் 95.4. விகிதம் எவ்வளவு வளர்ந்தாலும் விழுக்காடு நூறைத் தாண்டாது.

ஆயினும் 2001இல் கணக்கெடுப்புக் கண்டது 90.86 விழுக்காடே. விகிதம் 9.94, உயர்வு 1.13 மடங்கு மட்டுமே. கேரளம் முழு எழுத்தறிவு மாநிலமாக 1991 ஏப்ரல் 18இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய பத்தாண்டின் வேகம் பின்னர் தொடரவில்லை. இணைப்புச் சார்பு விடையை இயலக்கூடிய எல்லைக்குள் நிறுத்தும். காலத்தை மட்டும் காரணியாகக் கொண்ட பிழையை அது திருத்தாது. வயது போன்ற காரணிகளைக் கோவையில் சேர்ப்பது ஆய்வாளரின் பொறுப்பு.

விபத்துக் கணக்கில் வேறொரு நுட்பம் உண்டு. விபத்தே நேராத மாதத்தின் எண்ணிக்கை 0. அதற்கு மடக்கை கிடையாது. ஆதலால் எண்ணிக்கைகளை மடக்கையாக மாற்றி நேர்கோடு பொருத்த முயல்வோர் இடர்ப்படுவர். இணைப்புச் சார்போ பதிவான எண்ணிக்கையை மாற்றுவதில்லை, அதன் சராசரியை மட்டுமே மாற்றுகிறது. சராசரி சுழியைவிடப் பெரிதாதலால் தடையில்லை. எடுத்துக்காட்டாக, வறண்ட மாதத்தின் சராசரி 2 விபத்து என்றும், மழை மாதத்திற்கான கெழு 0.405 என்றும் கொள்வோம். 0.405இன் மடக்கை நீக்கிய மதிப்பு 1.5. எனவே மழை மாதச் சராசரி 3. கெழு கூட்டலைக் காட்டுவதில்லை, மடங்கைக் காட்டுகிறது என்பதை அறிக்கை எழுதுவோர் மறத்தலாகாது.

இணைப்பைச் சரியாகத் தேர்ந்தாலும் பரவல் பொருந்தாமற் போகலாம். பாய்சான் பரவலில் மாறுபாடு சராசரிக்குச் சமமாக இருத்தல் வேண்டும். ஆனால் ஒரே மழைநாளில் பல விபத்துகள் சேர்ந்து நேரும்போது மாறுபாடு சராசரியை மிஞ்சும். பொருத்தியபின் எஞ்சும் விலகலளவை அதன் கட்டின்மைக் கூறுகளால் வகுத்துப் பார்த்தால் இது தெரியும். சராசரிகள் மிகச் சிறியனவாக இல்லாதபோது ஈவு 1ஐ ஒட்டியிருந்தால் குறையில்லை. 2, 3 என உயர்ந்தால் கெழுக்களின் திட்டப்பிழை குறைத்துக் காட்டப்படுகிறது என்பது பொருள். அந்நிலையில் திட்டப்பிழையை அந்த ஈவின் வர்க்கமூலத்தால் பெருக்கிக்கொள்வது எளிய திருத்தம். அதைச் செய்யாவிடின், உண்மையில் விளைவேதும் இல்லாத காரணி விபத்தைப் பெருக்குவதாகத் தோன்றும்; சாலைக்கான நிதியும் தவறான இடத்திற்குச் செல்லும்.