லேப்டாப்பிலேயே படம் பார்க்கும் குட்டி ஏஐ: ஹோட்டல் பில்லில் ஏன் சொதப்புகிறது?

போட்டோ எதுவும் உங்கள் லேப்டாப்பை விட்டு வெளியே போகாமல், அதைப் பார்த்துப் பதில் சொல்லும் குட்டி ஏஐ மாடல் மூன்ட்ரீம். ஒல்லாமா என்ற இலவச மென்பொருளை நிறுவி, ஒருமுறை சுமார் 1.7 ஜிபி டவுன்லோடு செய்தால் போதும். கேள்வியை ஆங்கிலத்தில் கேட்க வேண்டும்.

```
ollama run moondream "What is the total? ./bill.jpg"
```

தெருக் காட்சியைக் கொடுத்தால் ஆட்டோ, மரம், ஆட்கள் என ஓரளவு சரியாகவே சொல்லிவிடும். ஹோட்டல் பில்லைக் கொடுத்து மொத்தம் எவ்வளவு என்று கேட்டால்தான் சிக்கல். பில்லில் இல்லாத தொகையைக்கூட கூலாகச் சொல்லும்.

ஏன் இப்படி? ஒல்லாமாவில் கிடைக்கும் பதிப்பு, எந்தப் படத்தையும் 378-க்கு 378 பிக்சலாகச் சுருக்கித்தான் பார்க்கிறது. 4,000 பிக்சல் உயரமுள்ள போட்டோவில் 40 பிக்சல் உயரம் இருந்த எழுத்து, சுருங்கிய பிறகு 4 பிக்சல்கூட இருக்காது. ஆனாலும் 'தெரியவில்லை' என்று சொல்லாமல், மாடல் பெரும்பாலும் அடிச்சு விடும்.

என்ன செய்யலாம்? மொத்தத் தொகை இருக்கும் இடத்தை மட்டும் 800 பிக்சல் சதுரமாக கிராப் செய்து கொடுங்கள். அதே எழுத்து இப்போது சுமார் 19 பிக்சல் உயரத்தில் தெரியும். பிறகு கிராப்பைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடியும் கேளுங்கள். தொகை மாறினால், மாடல் படிக்கவில்லை, ஊகிக்கிறது என்று அர்த்தம். மாறாமல் வந்தாலும், பணம் அனுப்பும் முன் பில்லை ஒருமுறை நீங்களே பார்த்துவிடுங்கள்.