மழை வந்தால் டீ இலவசம்

மயிலாப்பூரில் ஒரு பஜ்ஜிக் கடை என்று வைத்துக்கொள்வோம். மழை நாளில் நாக்கு பஜ்ஜி கேட்கும், கால்தான் கடைக்கு வராது. அன்றைக்கு மட்டும் ‘நான்கு பஜ்ஜிக்கு ஒரு டீ இலவசம்’ என்ற அறிவிப்பு கடையின் டெலிகிராம் சேனலில் தானாகப் போக வேண்டும்.

அனுப்புவது எளிது. கூகுள் ஷீட்டோடு வரும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட், தினமும் மதியம் ஓப்பன்வெதர் தளத்தின் முன்னறிவிப்பை வாங்கிப் பார்க்கும். எல்லை தாண்டியிருந்தால் டெலிகிராம் போட் மூலம் செய்தியைப் போட்டுவிடும். எல்லையை எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல்.

அந்த முன்னறிவிப்பு மூன்று மணி நேரத்துக்கு ஒரு வரியாக வரும். மழைக்கான வாய்ப்பு அதில் `pop` என்ற பெயரில், 0 முதல் 1 வரையிலான எண்ணாக இருக்கும். 60 சதவீதம் என்பது 0.6. தெரியாமல் 60 என்று எழுதிவைத்தால், ஊரே மிதந்தாலும் அறிவிப்பு போகாது.

வாய்ப்பை மட்டும் நம்பவும் முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் அந்த எண் பல நாட்கள் உயர்ந்தே இருக்கும். தூறல் போட்டாலும் டீ இலவசம் என்றாகிவிடும். அப்புறம் அது சலுகையே அல்ல, டீயின் விலை. அதனால் எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்:

```
pop >= 0.6 && mm >= 2 && mm < 20 && !postedToday
```

20 என்ற மேல் எல்லை என் விருப்பம். மூன்று மணி நேரத்தில் அதற்கு மேல் கொட்டும் என்றால் தெருவில் தண்ணீர் நிற்கும். அப்போது ஆட்களைக் கடைக்கு அழைப்பது நாகரிகமில்லை. வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளில் கடைக்காரரே இதை நிறுத்திவைக்க வேண்டும். கடைசியில் உள்ள `postedToday`, ஒரே நாளில் இரண்டு முறை போகாமல் தடுக்கும்.

பலரும் சறுக்குவது நேரத்தில். வரிகளில் இருப்பது உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. ‘18:00’ என்ற வரியை மாலை ஆறு மணி என்று எடுத்துக்கொண்டால், உண்மையில் இரவு 11.30 மழையைப் பார்த்து டீ கொடுப்போம். நமக்கு வேண்டியது 12:00 வரி, அதாவது மாலை 5.30. இன்னொன்று, மழையே இல்லாத வரியில் `rain` என்ற பகுதியே இருக்காது. அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளச் சொல்லாவிட்டால் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுவிடும்.

பக்கத்து ஜூஸ் கடைக்காரருக்கு வெயில் வேண்டும். மே மாதச் சென்னைக்கு 38 டிகிரி ஒரு சேதியே அல்ல. கடலோர ஊர்களுக்கு வானிலைத் துறை வைத்திருக்கும் வெப்ப அலைக் கணக்கிலும் 37 டிகிரி மட்டும் போதாது; வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். அவரும் அன்றைய வழக்கமான வெப்பத்தோடு ஒப்பிட்டே எல்லை வைப்பது நல்லது.

முதல் மாதம் அறிவிப்பு கடைக்காரரின் போனுக்கு மட்டும் வரட்டும். ஷீட்டில் முன்னறிவிப்புக்குப் பக்கத்திலேயே, அன்று மாலை வாசலில் உண்மையில் மழை பெய்ததா என்று ஒரு வார்த்தை எழுதிவைக்கலாம். பத்துக்கு ஐந்து முறை பொய்த்தால் 0.6-ஐ 0.75 ஆக்கிவிட்டு, அடுத்த மாதம் சேனலைத் திறக்கலாம்.