முகாமுக்கு முன் ரேஷன் கார்டைப் பாருங்கள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட முகாம் அறிவிப்பில் கேட்கப்படுபவை ரேஷன் கார்டு, குடும்பத்தினரின் ஆதார், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று காட்டும் வருமானச் சான்று. சிக்கல் வருவது ரேஷன் கார்டில்தான். காப்பீட்டில் யார் யார் சேரலாம் என்பதை அதிலுள்ள பெயர்களே முடிவு செய்கின்றன. புதிதாக மணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டுக் கார்டிலேயே இருக்கிறது என்று வையுங்கள். ஆதார் கையில் இருந்தாலும் புகுந்த வீட்டுக் காப்பீட்டில் அவருக்கு இடமில்லை. அங்கே பெயரை நீக்கி, இங்கே சேர்த்துவிட்டு வர வேண்டும். அதற்குள் முகாம் முடிந்துவிட்டாலும் கவலை வேண்டாம்; மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் வேலை நாட்களில் பதியலாம்.