பேசும்போது காதில் ஒலிக்கும் சொந்தக் குரல்

மாணவர்களே, கோலாலம்பூருக்குப் போகும் ரயிலில், இயர்போன் மாட்டிய ஒருவர் பெட்டி முழுவதும் கேட்கும்படி கைப்பேசியில் கத்திப் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். தாம் கத்துவது அவருக்கே தெரியாது. ஏன்?

இரண்டு காதுகளையும் விரலால் அடைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள். குரல் மண்டைக்குள் குடத்தில் பேசுவதுபோல் முழங்கும். எலும்பு வழியாக வரும் தாழ்ந்த ஒலிகள் காதுக்குள் சிக்கிக்கொள்கின்றன. காற்று வழியாக வரவேண்டிய கூர்மையான ஒலிகள் தடைபடுகின்றன. காதை இறுக்கமாக அடைக்கும் இயர்போனும் இதையே செய்கிறது. குரலின் அளவைச் சரிபார்க்க மூளைக்கு வழக்கமாகக் கிடைக்கும் தகவல் கிடைப்பதில்லை.

1911இல் பிரெஞ்சு மருத்துவர் எட்டியன் லோம்பார்ட் தாம் கவனித்த ஒன்றை வெளியிட்டார். பேசிக்கொண்டிருப்பவரின் காதில் இரைச்சலைச் செலுத்தினால் அவர் தம்மையறியாமல் குரலை உயர்த்துகிறார். இரைச்சலை நிறுத்தினால் குரல் தானாக இறங்கிவிடுகிறது. நம் குரலை நாமே கேட்டுத்தான் அளவைத் திருத்திக்கொள்கிறோம்.

இதற்காகவே தொலைபேசியின் ஒலிவாங்கியில் விழும் குரலில் சிறிதளவை நம் காதுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். இதன் பெயர் சைட்டோன். பழைய தொலைபேசிகளில் இது வேண்டாமலே வந்தது. ஒலிவாங்கியும் காதுக்குழாயும் ஒரே மின்சுற்றில் இருந்ததால் சொந்தக் குரல் பலமாகக் கேட்டது. பேசியவர் குரலைத் தாழ்த்தினார். மறுமுனையில் இருந்தவருக்குச் சரியாகக் கேட்கவில்லை! பின்னர் பொறியாளர்கள் குரல் மின்னோட்டத்தை இரண்டாகப் பிரித்து, காதுக்குழாயில் ஒன்றை ஒன்று எதிர்க்கும்படி கம்பிச் சுருள்களை அமைத்தார்கள். ஆனாலும் கொஞ்சத்தை விட்டுவைத்தார்கள். முற்றிலும் நீக்கினால் இணைப்பே அறுந்துவிட்டதுபோல் தோன்றும்.

இன்னொரு நிபந்தனை, வேகம். ஒலி ஒரு மில்லிவினாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் செல்லும். ஆகவே உங்கள் குரல் வாயிலிருந்து காதுக்கு அரை மில்லிவினாடியில் வந்துவிடுகிறது. சைட்டோன் சில மில்லிவினாடிகள் தாமதித்தால் பாதகமில்லை. 200 மில்லிவினாடி தாமதித்தாலோ நாக்கு தடுமாறும், சொற்கள் இழுபடும். புளூடூத் வழியாகக் கைப்பேசிக்குப் போய்த் திரும்பினால் குரல் எளிதில் 100 மில்லிவினாடியைத் தாண்டிவிடும். அதனால் கம்பியில்லா இயர்போனில் சைட்டோனை இயர்போனுக்குள்ளேயே உருவாக்க வேண்டியிருக்கிறது. மலிவான பலவற்றில் அந்த வசதி இருப்பதில்லை. அப்போது ஒரு பக்கத்து இயர்போனைக் கழற்றிவிட்டுப் பேசுவதே எளிய வழி.

இதற்கும் எல்லை உண்டு. சந்தையில் நின்று பேசினால், ஒலிவாங்கி உங்கள் குரலோடு சுற்றுப்புற இரைச்சலையும் சேர்த்தே காதுக்கு அனுப்பும்.

உங்கள் குரல் சற்றுப் பிந்தித் திரும்ப வந்தால் அது சைட்டோன் அல்ல, எதிரொலி. பெரும்பாலும் மறுமுனையில் உள்ளவரின் ஒலிபெருக்கியிலிருந்து வரும் உங்கள் குரலை அவருடைய ஒலிவாங்கியே பிடித்துத் திருப்பி அனுப்புகிறது. அவரைச் சற்று ஒலிவாங்கியை அணைக்கச் சொல்லுங்கள். எதிரொலி நின்றுவிடும், சைட்டோன் என்றால் அப்படியே இருக்கும்.