சட்டைப்பையிலிருந்து வந்த குரல்

அப்பாவிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவு. 2 நிமிடமும் துணி உரசும் சத்தம், காற்று, செருப்படி. பேச்சே இல்லை.

மைக்கை அழுத்தி மேலே தள்ளினால் பதிவு பூட்டிக்கொள்ளும். விரலை எடுத்தாலும் ஓடும். அப்படியே பையில் போட்டால், ஏதோ உரசி அனுப்பும் பொத்தானும் அழுந்திவிடலாம்.

கடைசிவரை கேளுங்கள், நடுவில் பேச்சு இருக்கலாம். சீரான நடை என்றால் பெரும்பாலும் கைதவறல்தான். “அப்பா, நடக்குற சத்தம்தான் வந்துச்சு. ஏதாவது சொல்ல வந்தீங்களா?” என்று கேட்டால் போதும். அலறலோ விழுந்த சத்தமோ கேட்டால் எழுதாதீர்கள், உடனே கூப்பிடுங்கள். பிறர் பேச்சு பதிவாகியிருந்தால், “எல்லோருக்கும் நீக்கு” கொடுக்கச் சொல்லுங்கள். சில நாள் கடந்தால் அந்த வசதி இருக்காது.