கடிதத்தில் எதைக் காட்டலாம், எதை மறைக்கலாம்?

வேற்று மொழியில் வந்த கடிதத்தைப் படிக்க இன்று அகராதியைப் புரட்டுவோர் குறைவு. கைபேசியை எடுத்துப் படம் பிடித்தால் மறுகணமே பொருள் வந்துவிடுகிறது. வசதிதான், ஐயமில்லை. ஆனால் அந்தப் பொருள் பெரும்பாலும் கைபேசிக்குள்ளிருந்து வருவதில்லை. நாம் எடுத்த படமோ ஒட்டிய எழுத்தோ இணையத்தின் வழியே எங்கோ உள்ள ஒரு நிறுவனத்தின் கணினிக்குச் சென்று, அங்கே மொழிபெயர்க்கப்பட்டுத் திரும்புகிறது. சென்ற பிரதி அங்கேயே தங்கிவிடலாம். பல இலவசச் சேவைகள், வரும் எழுத்தைச் சேமித்து வைத்துத் தம் கருவியை மேம்படுத்தப் பயன்படுத்துவோம் என்று தம் விதிகளிலேயே எழுதியிருக்கின்றன. அதைப் படிப்பவர்தாம் இல்லை.

தங்கிய பிரதியால் என்ன கேடு என்று கேட்கலாம். 2017 செப்டம்பரில் நார்வே நாட்டு ஒலிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே. ஒரு செய்தியை வெளியிட்டது. ஸ்டாட்டாயில் என்ற பெரிய எண்ணெய் நிறுவனத்தின் அலுவலர்கள் ஓர் இலவச மொழிபெயர்ப்புத் தளத்தில் ஒட்டிய எழுத்துகள், கூகுளில் தேடிய எவர் கண்ணிலும் படும்படி இணையத்தில் கிடந்தன. பணிநீக்கக் கடிதங்கள், ஒப்பந்தங்கள், கடவுச்சொற்கள்கூட அவற்றில் இருந்தன. எந்தத் திருடனும் பூட்டை உடைக்கவில்லை. கடிதத்தைப் புரிந்துகொள்ள விரும்பியவர்களே அவற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

நம் பெண்கள் பலர் செவிலியராகவும் மாணவியராகவும் ஜெர்மனிக்குச் செல்கின்ற காலம் இது. அங்கே அலுவலகக் கடிதம் யாவும் ஜெர்மன் மொழியில்தான் வரும். எனவே அந்நாட்டுக் கடிதம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மருத்துவமனையில் பணிபுரியும் ஸ்டெல்லா என்னும் பெண்ணுக்கு வரி அலுவலகத்திலிருந்து 2024ஆம் ஆண்டுக்கான வருமான வரித் தீர்ப்புக் கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தின் நாள் 12.05.2025. கட்டவேண்டிய தொகை 1.120,00 யூரோ. மொத்தம் நான்கு பக்கம்.

ஸ்டெல்லா முதலில் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தத் தாளில் மொழிபெயர்க்க வேண்டியது எது? அவள் பெயர் எந்த மொழியிலும் ஸ்டெல்லாதான். முகவரியும் மாறாது. மேலே அச்சிட்டுள்ள வரி அடையாள எண் பதினொரு இலக்கம் கொண்டது. அது ஒருவருக்கு ஒருமுறையே தரப்படுகிறது, வாழ்நாள் முழுவதும் மாறுவதில்லை. கடவுச்சொல் வெளிப்பட்டால் புதிது வைத்துக்கொள்ளலாம். இந்த எண்ணுக்கு அப்படி ஒரு வழி இல்லை. ஆனால் எண்ணுக்கு மொழிபெயர்ப்பு ஏது? ஆகவே பெயர், முகவரி, பிறந்த நாள், வரி எண், தன் வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை மறைத்து அனுப்பினாலும் பொருளில் ஒரு சொல்லும் குறையாது.

கணக்கு எண்ணில் ஒரு நுட்பம் உண்டு. பணம் கட்டச் சொல்லும் கடிதத்தில் அலுவலகத்தின் கணக்கு எண்ணும் இருக்கும். அது பலருக்கும் தெரிந்த எண், ஒளிக்க வேண்டியதன்று. பணம் திரும்பத் தரும் கடிதத்தில் இருப்பதோ ஸ்டெல்லாவின் சொந்தக் கணக்கு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே டி.இ. என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். யாருடையது என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மறைக்கக் கூடாதவையும் உண்டு. கடிதத்தின் நாள், தொகை, கெடு நாள், கடைசிப் பக்கத்தில் மேல்முறையீட்டைப் பற்றிச் சொல்லும் பத்தி ஆகியவற்றை அனுப்பியே ஆகவேண்டும். பயந்துபோய் எல்லாவற்றையும் மறைப்பவர்கள் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள். அந்தக் கடைசிப் பத்தி ‘ஐன்ஷ்ப்ருக்’ என்னும் ஆட்சேபத்தை ஒரு மாதத்துக்குள் தெரிவிக்கலாம் என்று கூறும். அந்த ஒரு மாதம் கடிதத்தின் நாளிலிருந்து தொடங்குவதில்லை. 2025 முதல் உள்ள சட்டப்படி, அஞ்சலில் சேர்த்த நான்காம் நாளில் கடிதம் கையில் கிடைத்ததாகக் கொள்ளப்படுகிறது. மே 12இல் அனுப்பியது மே 16இல் கிடைத்ததாகும். கெடு ஜூன் 16. நாளை மறைத்துவிட்டு மொழிபெயர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கை எப்படிப் போடுவது?

தொகையை மட்டும் மூலக் கடிதத்திலேயே பார்ப்பது நல்லது. ஜெர்மானியர் ஆயிரத்துக்குப் புள்ளியும் தசமத்துக்குக் காற்புள்ளியும் இடுவர். 1.120,00 என்பது ஆயிரத்து நூற்றிருபது யூரோ. நம் வழக்கப்படி படித்தால் அது ஒரு யூரோவும் சில்லறையுமாகச் சுருங்கிவிடும்!

இனி மறைக்கும் முறை. படம் எடுப்பதற்கு முன்பே மறைக்க வேண்டும். வெள்ளைத் தாளில் சிறு துண்டுகள் கத்தரித்துப் பெயரின் மீதும் எண்களின் மீதும் வைத்துவிட்டுப் படம் எடுத்தால் போதும். முழுப் படம் எடுத்துவிட்டுக் கைபேசியிலுள்ள தூரிகையால் கறுப்புப் பூசுவோர் உண்டு. அந்தப் பூச்சுச் சில வேளை கண்ணாடித்தாள் போன்றது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியிலுள்ள எழுத்துத் தெரிந்துவிடும். அதுவுமன்றி, பூசாத மூலப் படம் கைபேசியில் இருக்கிறது. தானாக இணையச் சேமிப்புக்கும் போய்ச் சேர்ந்திருக்கலாம். ஓரத்தில் உள்ள கறுப்புக் கட்டச் சதுரக் குறியையும் மறக்க வேண்டாம். நம் கண்ணுக்கு அது கோலம், இயந்திரத்துக்கோ வாசகம். பணம் கட்டுவதற்கான சதுரத்துக்குள் பெறுபவர் பெயரும் கணக்கு எண்ணும் தொகையும் குறிப்பு எண்ணும் இருக்கும். பெரும்பாலும் அந்தக் குறிப்பு எண்ணே நம்முடைய வரி எண்.

படத்துக்குப் பதில் எழுத்தை ஒட்டுவதானால் இன்னும் எளிது. பெயர் வருமிடத்தில் வேறு ஏதேனும் ஒரு பெயரையும், எண் வருமிடத்தில் சுழியங்களையும் இடலாம். வெற்றிடமாக விட்டால் வாக்கியம் குலைந்து பொருளும் குலையும்.

இணையத்துக்கே போகாத வழியும் ஒன்று உண்டு. கூகுள் மொழிபெயர்ப்புச் செயலியில் ஜெர்மன் மொழியை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளலாம். பிறகு விமானப் பயன்முறையைப் போட்டு, எழுத்தைத் தட்டச்சு செய்து பாருங்கள். பொருள் வந்தால் வேலை கைபேசிக்குள்ளேயே நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். நீண்ட சட்ட வாக்கியங்களில் இம்முறை தடுமாறும். என்றாலும் கடிதம் எதைப் பற்றியது, கெடு என்று என்று அறிவதற்கு உதவும்.

இவ்வளவு செய்தும் தீராத கடிதங்கள் சில உண்டு. மருத்துவ அறிக்கை ஒன்று. புகலிடம் கோரியவர்களுக்கு வரும் விசாரணைப் பதிவு மற்றொன்று. ஜெர்மனியில் வாழும் ஈழத்தமிழர் பலர் இதை நன்கு அறிவர். எந்த ஊர், எந்த ஆண்டு, அண்ணனுக்கு என்ன நேர்ந்தது, யார் தேடி வந்தார்கள் என்று பக்கம் பக்கமாக அதில் இருக்கும். பெயரை மறைத்தாலும் அந்த ஊர்க்காரர் ஒருவர் படித்தால் இன்னார் என்று சொல்லிவிடுவார். இங்கே எண்ணன்று, கதையே அடையாளம். துண்டுத் தாளால் மறைக்க இயலாது. உறவினர் வாட்சப் குழுவுக்கு அதை அனுப்பி ‘இதில் என்ன எழுதியிருக்கிறது?’ என்று கேட்பதும் இயந்திரத்துக்குக் கொடுப்பதைவிட மேலானதன்று.

அத்தகைய கடிதத்தை மனிதரிடமே எடுத்துச் செல்ல வேண்டும். நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர் கட்டணம் பெறுவார். கரித்தாஸ், டியாக்கொனி போன்ற அமைப்புகள் ஜெர்மன் நகரங்களில் நடத்தும் குடியேறியோர் ஆலோசனை நிலையங்களில் கட்டணமில்லை. அங்குள்ளோர் கேட்டதை வெளியிடாமல் காப்பவர்கள். போகும்போது கடிதத்துடன் உறையையும் எடுத்துச் செல்ல வேண்டும். முக்கியமான தீர்ப்புகள் மஞ்சள் உறையில் வரும். அஞ்சல்காரர் கொடுத்த நாளை அதன்மேல் கையால் எழுதியிருப்பார். அந்தக் கெடு வெகு குறுகியது. அதை எண்ணத் தொடங்குவது உறையின்மேல் உள்ள அந்த நாளிலிருந்துதான். உறை குப்பைக்குப் போயிருந்தால் ஆலோசகரின் முதல் கேள்விக்கே விடை இராது.